அருள்ஜோசப் அளக்காமல் விட்ட மரம்

ஓசூரில் பாகலூர் ரோட்டில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம், கம்பெனிக்கு பயோடேட்டா என்று எல்லாவற்றையும் ஒரே மேசையில்தான் அடிக்கிறேன். அந்த மேசைக்கு எதிரே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அதிக நேரம் உட்கார்ந்தவர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். அருள்ஜோசப். ஒரே ஒரு பக்கக் கடிதத்துக்காக மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்.

கியர் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஆனால் வேலை அவரை விடவில்லை. சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் இன்றைக்கும் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். ஹோட்டலில் தோசை வந்தால் போன வாரத்துத் தோசையோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கையை வைப்பார். கோயிலில் புதிதாகப் போட்ட பெஞ்சு ஒரு பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருப்பதைப் பூசை நடக்கும்போதே கண்டுபிடித்து, பங்குத்தந்தையிடம் சொல்வதற்காகப் பூசை முடியும்வரை பொறுத்திருந்த அளவுக்குப் பக்திமான்.

கம்பெனியில் கொடுத்த பணத்தில் முதலில் நாலு வீடு கட்டி விற்றார். அப்புறம் எட்டு. இப்போது தொரப்பள்ளி போகும் வழியில் பன்னிரண்டு வீடுகளோடு ஒரு அடுக்குமாடி. கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே மூன்று மாடி. பெயர் தாபோர் கார்டன். பெயர் வைத்த அன்று அந்த மனையில் இருந்த ஒரே பச்சை, மூலையில் கிடந்த வாட்டர் டேங்க்தான்.

விளம்பரத் தாளுக்குக் கட்டடத்தின் படம் வேண்டுமே. அவர் மனைவி மேரிராணியின் அண்ணன் மகன் வெஸ்லின் பெங்களூரில் கம்ப்யூட்டரில் அந்த மாதிரிப் படங்கள் செய்கிறவன். இன்னும் எழும்பாத கட்டடத்தை போட்டோ எடுத்த மாதிரியே காட்டிவிடுவான். அவன் அனுப்பிய முதல் படத்தை என் கடையில் பெரிதாக பிரிண்ட் போட்டு, ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் அருள்ஜோசப். ஜன்னல் நாலு அடி, சரி. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி, சரியில்லை. மொட்டைமாடிச் சுவர் மூன்று அங்குலம் குள்ளம். மூன்று முறை திருப்பி அனுப்பினார். நாலாவது முறை வெஸ்லின் எல்லாவற்றையும் திருத்தி, கூடவே கட்டடத்தைச் சுற்றி நாலு பெரிய மரங்களையும் வைத்து அனுப்பிவிட்டு போன் செய்தான்.

“மாமா, மரம் ஃப்ரீ.”

அருள்ஜோசப் மறுபடி ஸ்கேல் வைத்து அளந்தார். கட்டடத்தை அணு அணுவாக அளந்தார். மரத்தை அளக்கவில்லை. அனுமதி வாங்கிய வரைபடத்தில் மரம் இல்லை. வரைபடத்தில் இல்லாததை அளப்பது அவர் இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் கிடையாது.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரத் தாளின் அடியில் ‘படம் மாதிரிக்கு மட்டுமே, மரங்கள் பின்னர் நடப்படும்’ என்று பொடி எழுத்தில் நானே ஒரு வரி போட்டிருந்தேன். அச்சுக்குப் போகும் அன்று போன் நம்பர் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். இடம் போதவில்லை. கட்டுமானத் திட்டத்தின் ரெரா பதிவு எண்ணை எடுக்க முடியாது, அது சட்டம். போன் நம்பரை எடுக்கக் கூடாது, அது வியாபாரம். மிச்சம் இருந்தது அந்த ஒரு வரி. எடுத்துவிட்டேன். அவரும் புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், போன் நம்பரின் உயரத்தை அளந்துவிட்டு.

ஜனவரியில் ஒரு நாள், போனை நீட்டியபடி கடைக்குள் வந்தார்.

“பூபதி, இதைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டுப்பா.”

முதல் மாடியில் மேற்குப் பக்க வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்த விமல்ராஜ் அனுப்பிய படம். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. மிஷின் ஓட்டுகிற பையன், முப்பது வயசு இருக்கும். நம் விளம்பரத் தாளில் இருந்த படத்தின் மேல் சிவப்பு பென்சிலால் கோடு போட்டு அளவுகள் எழுதியிருந்தான். பால்கனிக் கம்பி மூன்றரை அடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறான். மரத்தின் உயரம் இருபத்தெட்டு அடி. படுக்கையறை ஜன்னலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து பன்னிரண்டரை அடி. சாயங்கால வெயில் எந்தக் கோணத்தில் வரும் என்று ஒரு சாய்கோடு. அது மரத்தின் தலையில் முட்டி நின்றது. அடியில், ‘நிழல் ஓகே. மரம் எந்தத் தேதி வரும் சார்?’

அருள்ஜோசப்பின் முகம் முதலில் மலர்ந்தது. “அளவு எவ்ளோ கரெக்ட்டா எடுத்திருக்கான் பாரு! இவன மாதிரி ரெண்டு பேர் எங்கிட்ட இருந்திருந்தா நான் வேலைய விட்டே இருக்க மாட்டேன்.”

அப்புறம்தான் கடைசி வரியைப் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் விற்பனை ஒப்பந்தம் பதிவாக வேண்டும். அதற்குள் சொல்லியாக வேண்டும். முதல் நாள் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்த கடிதம் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தது. படிக்கிறவன் வக்கீலைத் தேடி ஓடுவான். இரண்டாம் நாள் அடித்தது பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் மாதிரி இருந்தது. படிக்கிறவன் இவருக்கு ஆறுதல் சொல்ல ஓடி வருவான். மூன்றாம் நாள் மேரிராணி கூடவே வந்தார்கள்.

“எதுக்குங்க இந்தச் சுத்து? மரம் இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க. எப்போ நடுவீங்க, எவ்ளோ நாள்ல வளரும், புடிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க. அவ்ளோதான?”

அப்படித்தான் எழுதினோம்.

‘அன்புள்ள திரு. விமல்ராஜ் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் விளம்பரத் தாளில் உள்ள கட்டடப் படம் கம்ப்யூட்டரில் செய்யப்பட்டது. அதில் தெரியும் மரங்கள் இப்போது மனையில் இல்லை. அவை நாங்கள் நடத் திட்டமிட்டுள்ள தோட்டத்தைக் காட்டுபவை. மேற்கே உள்ள பத்தடி காலியிடத்தில் புங்கன் கன்றுகள் நடப்படும். நடும்போது உயரம் சுமார் நான்கு அடி. படத்தில் உள்ள அளவுக்கு வளர எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகலாம். படத்தில் உள்ள மரம் எந்த வகை என்று எங்களுக்கும் தெரியாது. இதைப் படத்திலேயே குறிப்பிடாதது எங்கள் தவறு. இந்தக் காரணத்தால் தங்களுக்கு வீடு வேண்டாம் என்றால் முன்பணத்தைச் சட்டப்படி வட்டியோடு முழுதாகத் திருப்பித் தருவோம். அல்லது கிழக்குப் பக்கம் காலியாக உள்ள வீட்டை அதே விலைக்குத் தருவோம். தங்கள் முடிவு எழுத்தில் தெரியும்வரை ஒப்பந்தம் பதிவு செய்ய மாட்டோம்.’

மர வகையைப் பற்றிய வரியை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். வெஸ்லினிடம் கேட்டதற்கு ஏதோ குளிர்நாட்டு மரம், கம்ப்யூட்டரில் இருந்தது என்று சொல்லியிருந்தான். உண்மையை எதற்கு எடுப்பது என்று அருள்ஜோசப் மறுத்துவிட்டார். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பினோம்.

நாலு நாள் கழித்து ஒரு கணவனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். கணவனுக்குக் கண்கள் சிவந்திருந்தன. அந்தப் பெண் ஒரு தாளை நீட்டினாள். ஷிஃப்ட் ரிப்போர்ட்டின் பின்பக்கம் கையால் எழுதியது.

“இதை டேபிள் போட்டு அடிக்கணுங்ணா. ஒரு வீட்டு புரோமோட்டருக்குப் பதில் கடிதம்.”

பெயரைப் பார்த்தேன். விமல்ராஜ். அந்தக் கடிதத்தை அடித்ததே நான்தான் என்று சொல்லிவிட்டேன். விமல்ராஜ் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ ஃபான்ட்டும் அதே வெச்சிருங்க” என்றான்.

தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கம்பெனிகளில் சரக்கில் குறை வந்தால் அனுப்பியவனுக்கு ஒரு படிவம் போகும். இந்த ஊரில் கம்பெனி வாசலைத் தாண்டிய யாருக்கும் அது தெரியும். குறை என்ன, மூல காரணம் என்ன, இப்போதைக்கு என்ன செய்வாய், நிரந்தரமாக என்ன செய்வாய், பொறுப்பு யார், எந்தத் தேதிக்குள், சரிபார்த்தது யார். இவன் அதையே தயார் செய்து கொண்டுவந்திருந்தான். முதல் கட்டத்தில் மட்டும் எழுதியிருந்தான்: ‘பகலில் தூங்கும் அறைக்கு நிழல் இல்லை.’ மற்ற கட்டங்கள் அருள்ஜோசப்புக்காகக் காலியாக இருந்தன. இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் இந்தப் படிவத்தை அனுப்பிய மனிதருக்கு முதல் முறையாக ஒன்று திரும்பி வருகிறது. நானே தபால்காரனாகப் போயிருப்பேன்.

“மரம் இல்லைங்கறது நேர்ல பார்த்தப்பவே தெரியலையா தம்பி?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சுதுங்ணா. அப்புறம் கொண்டாந்து வெப்பாங்கன்னு நெனச்சேன். எங்க கம்பெனிக்கு ஜப்பான்காரங்க ஆடிட்டுக்கு வந்தப்போ முந்துன வாரம் வரைக்கும் மொட்டைத் தரைங்ணா. திங்கக்கிழமை போறேன், லாரியில வந்து கிரேன்ல எறக்கி, முப்பதடி மரம் வரிசையா நிக்குது. பிளான்னா அப்படித்தான்னு நெனச்சுட்டேன்.”

மறுநாள் அருள்ஜோசப், மேரிராணி, இவர்கள் இருவர் என்று நாலு பேரும் என் கடையில் கூடினார்கள். ஆபீஸ் என்று அருள்ஜோசப்புக்குத் தனியாக எதுவும் கிடையாது, என் நாற்காலிதான். படிவத்தைக் கையில் வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். “படிவ எண் போடலையே தம்பி” என்றார்.

அப்புறம் கேட்டார். “அந்த ஆடிட் மரம் எத்தனை உசுரோட இருக்கு?”

விமல்ராஜ் தலையைச் சொறிந்தான். “நாலுல ஒண்ணுங்க சார்.”

“நானும் நட்டிருக்கேன் அந்த மாதிரி. ஆடிட் முடிஞ்ச மூணாம் மாசம் எல்லாம் வெறகு. எனக்கும் அந்த மேற்குச் சந்துக்குள்ள கிரேன் போவாது. மரம் கொண்டாற முடியாது தம்பி. கிழக்கு வீட்டை எடுத்துக்கயேன்?”

“கிழக்கு மெயின் ரோடுங்க சார். பகல் பூரா லாரி ஹாரன். எனக்கு மாசத்துல பத்து நாள் சி ஷிஃப்ட், ராத்திரி வேலை. காலைல ஏழு மணிக்கு வந்து படுத்தா சாயங்காலம் வரைக்கும் தூங்கணும். மேற்குப் பக்கம்தான் சத்தமில்லாம இருக்குது. அதுக்குதான் மரத்தை அளந்தேன்.”

அவன் மனைவி ஜோதிமணி இப்போது சொன்னாள். “இப்ப இருக்கறது ஷீட்டு போட்ட ரூமுங்க சார். பதினோரு மணிக்கு மேல உள்ள உக்கார முடியாது, எங்க தூங்கறது? போன மாசம் மிஷின்ல நிக்கறப்பவே கண்ணு சொருகிட்டுதாம். கதவைத் தொறந்தா மிஷின் தானா நிக்குமே, அது மட்டும் இல்லைன்னா இவரு கை போயிருக்கும். வீட்டுக்கு வந்து சிரிச்சுட்டே சொல்றாரு. எனக்கு சிரிப்பு வரலைங்க.”

 ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

மேரிராணி கணவர் பக்கம் திரும்பினார்கள். “ஏங்க, நீங்க சி ஷிஃப்ட் பார்த்தது மறந்தே போச்சா? லைன் வீட்ல ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டிட்டு, கைக்குழந்தை மெல்வின் அழுதா தூக்கிட்டு தெருக்கோடிக்குப் போயிருவேன். ஐஸ் வண்டிக்காரன மணி அடிக்காம போகச் சொல்லி கெஞ்சியிருக்கேன். அவனும் பாவம் நம்ம தெருவுல மட்டும் மணியக் கையில புடிச்சிட்டுப் போவான். இத்தனை வருஷத்துல எல்லாத்தையும் அளந்தீங்க, இது ஒண்ணு ஞாபகமில்ல.”

அருள்ஜோசப் படிவத்தை மேசையில் விரித்தார். பேனாவை எடுத்தார். மூல காரணம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது.  அந்த ஒரு வரியை எடுத்தவன் நான். அவர் எழுதினார்: ‘படத்தில் எல்லாம் அளக்கப்பட்டது. மரம் அளக்கப்படவில்லை. யார் அந்த அறையில் எப்போது தூங்குவார் என்று கேட்கப்படவில்லை. அருள்ஜோசப்.’

“சார், அந்த வரிய எடுத்தது நான்தான்” என்றேன்.

“புரூஃப்ல கையெழுத்து யாருது? கவனக்குறைவுன்னு எழுதி ஆளைக் கைகாட்டுனா நான் எந்த சப்ளையரோடதையும் ஏத்துக்கிட்டதில்ல. சும்மா இரு.”

 டீ வாங்கப் போகிற சாக்கில் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது இப்போதைக்கு என்ன செய்வது என்ற கட்டத்தில் பேச்சு நின்றிருந்தது. ஜன்னலுக்கு மேல் சிமெண்ட் சஜ்ஜாவை நீட்டலாம் என்றார் அருள்ஜோசப். சாயங்கால வெயில் தாழ வருமே, சஜ்ஜாவுக்குக் கீழே புகுந்து வந்துவிடும் என்று விமல்ராஜ் தன் சாய்கோட்டைக் காட்டினான். இரண்டு பேரும் ஒரே தாளின் மேல் குனிந்து ஸ்கேலும் பென்சிலுமாக மல்லுக்கட்டினார்கள். அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஜோதிமணி, “ரோஜாப் பண்ணைல கட்டுற பச்சை வலைய ஜன்னலுக்கு வெளிய ரெண்டடி தள்ளி கட்டி, கீழ இருந்து பீர்க்கங்கொடி ஏத்துனா ரெண்டு மாசத்துல மூடிக்காதுங்களா? மரம் வளர்ற வரைக்கும் அது தாங்கும். காயும் வரும்” என்றாள்.

இரண்டு நிபுணர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

‘இடைக்கால நடவடிக்கை: இரும்புக் குழாய்ச் சட்டம், நிழல்வலை, பீர்க்கங்கொடி’ என்று எழுதினார் அருள்ஜோசப். நிரந்தர நடவடிக்கை, புங்கன் இரண்டு. பொறுப்பு, தன் பெயர். முடிக்கும் தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் விரலை மடக்கி எண்ணினார். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு. மரம் ஜன்னலை எட்ட எட்டு வருஷம். அறுபத்தாறாவது வயதில் ஒரு தேதியை எழுதி, பக்கத்தில் ‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்று சேர்த்தார். அதை அடித்துவிட்டு விமல்ராஜ் சொன்னான்.

“தேதின்னா தேதிதான் சார். இது வேண்டாம்.”

மேரிராணி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒப்பந்தத்தோடு அந்தப் படிவமும் ஒரு இணைப்பாகவே பதிவானது. பதிவு அலுவலகத்தில் இருந்தவர் பீர்க்கங்கொடி என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாராம்.

வெஸ்லினுக்கும் வேலை வந்தது. படத்தில் இருந்த குளிர்நாட்டு மரங்களை எடுத்துவிட்டு நாலடிக் கன்றுகளை வைத்து அனுப்பச் சொன்னார். அந்தக் கன்றுகளை இந்தத் தடவை ஸ்கேல் வைத்து அளந்தார். புதிய விளம்பரத் தாளில் அந்த ஒரு வரி போன் நம்பரைவிடப் பெரிதாக இருக்கிறது. அழகாக இல்லை, ஆனாலும் மிச்ச வீடுகளும் விற்றுப்போய்விட்டன.

சித்திரையில் பூச்சு வேலை முடிந்ததும் படிவத்தின் கடைசிக் கட்டம், சரிபார்ப்பு. கொடி சட்டத்தின் உச்சியைத் தொட்டிருந்தது. உச்சி வெயில் தாண்டி இரண்டு மணிக்கு அருள்ஜோசப் தெர்மாமீட்டரோடு அந்த அறைக்குள் போனார். நான்கு மணிவரை படுத்திருந்து அரை மணிக்கு ஒரு தடவை வெப்பம் குறித்து வைக்க வேண்டும் என்பது திட்டம். நாங்கள் கீழே நின்றோம். இரண்டரை மணிக்கு ஒன்று குறித்திருக்கிறார். மூன்று மணிக்கு எதுவும் இல்லை. விமல்ராஜ் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

“பாயில படுத்துக் குறட்டை விடறாரு. சரிபார்த்தாச்சுன்னு போட்டுக்கறேன்” என்று கையெழுத்துப் போட்டான்.

வருஷக் கடைசியில் அவர்கள் குடிவந்தார்கள். அருள்ஜோசப் வாரம் ஒரு நாள் போய்ப் புங்கனை அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். வளர்ச்சி திட்டத்துக்குக் குறைவாக இருக்கும் வாரங்களில் என் கடையில் வந்து உட்கார்ந்து மரத்தைத் திட்டுவார்.

போன மாசம் என்னையும் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். மத்தியானம் ஒரு மணி. டேப்பைப் பிடித்தார், ஐந்தடி இரண்டு அங்குலம். வேரடியில் மண் காய்ந்திருந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட வாயைத் திறந்தார். மேலே பால்கனியில் ஜோதிமணி பீர்க்கங்காய் பறித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் உள்ளே கை காட்டி, உதட்டின் மேல் விரலை வைத்தாள். சி ஷிஃப்ட் வாரம்.

அருள்ஜோசப் வாயை மூடிக்கொண்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய், குழாயிலிருந்து தானே இரண்டு வாளித் தண்ணீரைச் சத்தமில்லாமல் மெதுவாகச் சரித்து ஊற்றினார். கேட்டை இழுத்து மூடும்போது நாதாங்கி ஓசை எழுப்பாமல் இருக்க அதைக் கையால் பிடித்துக்கொண்டார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அந்த வெயிலில் ஐம்பத்தொன்பது வயசு மனிதர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைவரை போனோம். அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தார்.